கசோலியோ என்றால் பெட்ரோல் இல்லை: வாடகைக் காரும் வெளிநாட்டு பங்க்கும்

வைகைக்கரை:
கடந்த செப்டம்பரில் நானும் கணவரும் போர்ச்சுகல் போயிருந்தோம். டெக்சாஸில் பத்து வருடமாக இருக்கும் என் தம்பியும் அங்கே வந்து சேர்ந்துகொண்டான். லிஸ்பன் விமான நிலையத்தில் ஒரு சிறிய பெட்ரோல் காரை வாடகைக்கு எடுத்து எவோராவுக்குப் போனோம். மறுநாள் திரும்பும்போது டேங்கை நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எவோராவை விட்டுக் கிளம்பும்போதே ஒரு பங்க்கில் நிறுத்தினோம்.

நம் ஊரில் பங்க்குக்குப் போனால் ஊழியர் வந்து என்ன போட வேண்டும் என்று கேட்பார். மீட்டரில் பூஜ்யம் காட்டுவார். அங்கே ஆள் யாரும் இல்லை. பம்பில் நான்கு நாசில்கள் தொங்கின. பச்சைக் கைப்பிடி இரண்டு, கறுப்புக் கைப்பிடி இரண்டு. பச்சையின் மேலே Gasolina simples 95 என்றும் கறுப்பின் மேலே Gasóleo simples என்றும் எழுதியிருந்தது. சிம்ப்ளஸ் என்ற சொல் இரண்டிலும் இருந்ததால் அது எதற்கும் உதவவில்லை. மிஞ்சியது கசோலினா, கசோலியோ என்ற இரண்டு சொற்கள். முதல் ஐந்து எழுத்துகள் இரண்டுக்கும் ஒன்றே.

தம்பி யோசிக்காமல் கறுப்பை எடுத்தான். அவன் ஊரில் பெரும்பாலும் பச்சைக் கைப்பிடி டீசலுக்கும் கறுப்பு பெட்ரோலுக்கும் இருக்குமாம். கசோலியோ என்பது கசோலின் போலவும் அவன் காதில் ஒலித்திருக்கிறது. நிறமும் சொல்லும் சேர்ந்து அவனை ஒரே தவறான பக்கம் தள்ளிவிட்டன.

நாசில் டேங்க்குக்குள் இறங்கவில்லை. வாயில் முட்டிக்கொண்டு நின்றது. அவன் அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அழுத்தினான். கொஞ்சம் உள்ளே போனது, கொஞ்சம் தரையில் சிந்தியது. அந்த வாடைதான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது. டேங்க் மூடியின் கதவுக்கு உட்புறம் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் இரண்டு வட்டங்கள், ஒன்றுக்குள் E5, மற்றொன்றுக்குள் E10. தம்பி கையில் இருந்த நாசிலில் ஒரு சதுரம், அதற்குள் B7. அதன் பொருள் அப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும் வட்டமும் சதுரமும் ஒன்றில்லை என்று தெரிந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். மீட்டரில் 0.62 லிட்டர்.

வாடகை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தோம். முதலில் பேசியவர், சாவியையே திருப்ப வேண்டாம், இழுவை வண்டி அனுப்புகிறோம் என்றார். அரை மணி நேரம் கழித்து அழைத்த மற்றொருவர், இவ்வளவு குறைவு என்றால் பெட்ரோலை நிரப்பி ஓட்டுங்கள் என்றார். நாங்கள் முதல் ஆள் சொன்னதையே கேட்டுக் காத்திருந்தோம். டேங்கைக் காலி செய்து முடிக்க மாலையாகிவிட்டது. 190 யூரோ கட்டினோம். காப்பீட்டில் இது சேராது என்று சொல்லிவிட்டார்கள்.

உங்களில் யாருக்கேனும் இப்படி நேர்ந்திருக்கிறதா? அந்த வட்டமும் சதுரமும் எல்லா நாட்டிலும் இருக்கின்றனவா?

கரூர் ஆனந்தன்:
நான் ஆறு ஐரோப்பிய நாடுகளில் வாடகைக் கார் ஓட்டியிருக்கிறேன். விஷயம் எளிது, சகோதரி. ஐரோப்பா முழுவதும் பச்சை பெட்ரோல், கறுப்பு டீசல். அங்கே அதுதான் சட்டம். அமெரிக்காவில் மட்டும் தலைகீழ். சொற்களைப் படித்துக் குழம்ப வேண்டாம், நிறத்தைப் பார்த்தால் போதும். உங்கள் தம்பி அமெரிக்கப் பழக்கத்தில் செய்துவிட்டார், அவ்வளவுதான்.

ஒர்க்ஷாப் தங்கராசு:
ஆனந்தன் சார் சொல்வதில் பாதி சரி. ஐரோப்பாவின் பல நாடுகளில் பச்சை பெட்ரோலுக்கும் கறுப்பு டீசலுக்கும் இருப்பது உண்மைதான். ஆனால் அது வழக்கம், சட்டம் இல்லை. விலை உயர்ந்த ரக எரிபொருள்களுக்கு நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி வேறு நிறம் வைக்கின்றன. அந்த ரகங்களின் பெயரும் ஏமாற்றும். ஒரே விளம்பரப் பெயரில் பெட்ரோலும் இருக்கும், டீசலும் இருக்கும்.

சட்டமாக இருப்பது அந்த அம்மா பார்த்த ஸ்டிக்கர்தான். நான் கோவைக்குத் திரும்பி ஒர்க்ஷாப் வைப்பதற்கு முன்பு ஜெர்மனியில் ஒரு கேரேஜில் வேலை பார்த்தேன். 2018 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் இந்த அடையாளம் வந்தது. நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, செர்பியா, துருக்கி போன்ற சில அண்டை நாடுகளும் இதில் சேர்ந்தன. வட்டம் என்றால் பெட்ரோல் வகை. சதுரம் என்றால் டீசல் வகை. சாய்சதுரம் என்றால் வாயு. பம்பிலும் நாசிலிலும் ஒட்டியிருக்கும். புதிய காரில் டேங்க் மூடிக்கு அருகிலும் கையேட்டிலும் இருக்கும்.

இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது என்றால், ஊருக்கு ஊர் டீசலின் பெயர் அவ்வளவு மாறுகிறது. போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் கசோலியோ, இத்தாலியில் Gasolio, பிரான்சில் Gazole. மூன்றுமே ஆங்கிலக் காதுக்குப் பெட்ரோல் போலக் கேட்கும், மூன்றுமே டீசல். கிரேக்கத்தில் டீசலின் பெயர் பெட்ரெலியோ, அது நம் காதுக்கே பெட்ரோல்தான். செக் நாட்டில் நாஃப்தா என்றால் டீசல், அதே சொல் அர்ஜென்டினாவில் பெட்ரோல். இதையெல்லாம் மனப்பாடம் செய்து யார் பயணம் போக முடியும்? வடிவத்துக்கு மொழி தேவையில்லை.

நாசில் ஏன் இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டீசல் நாசிலின் குழாய் சுமார் 25 மில்லிமீட்டர் குறுக்களவு, பெட்ரோல் நாசில் சுமார் 21. பெட்ரோல் காரின் டேங்க் வாய் சிறியதுக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. நாசில் முட்டி நின்றாலே அது தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் யாரும் சாய்த்துப் பிடித்து ஊற்றக் கூடாது. ஆனால் எதிர்த்திசையில் இந்தத் தடை இல்லை. பெட்ரோல் நாசில் டீசல் காருக்குள் தாராளமாக இறங்கிவிடும். சேதமும் அந்தப் பக்கம்தான் அதிகம்.

பரிஸ் வதனி:
நான் பிரான்ஸில் இருபத்தொரு வருடமாக இருக்கிறேன். வட்டம், சதுரம் பார்த்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு என் மைத்துனருக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அவர் கனடாவில் இருந்து வந்து துலூஸில் பெற்றோல் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். கடைத்தொகுதி ஒன்றின் பம்புக்குப் போனவர் அங்கே மூன்று வட்டங்களைக் கண்டார். E5, E10, E85. கடைசியின் விலை மற்றவற்றில் பாதியளவுதான். எல்லாம் வட்டம், எல்லாம் பெற்றோல், மலிவானதைப் போடுவோம் என்று முப்பது லீற்றர் அடித்துவிட்டார்.

அன்று கார் ஓடியது. அடுத்த நாள் காலை குளிரில் இலேசில் உயிர் பிடிக்கவில்லை. பிடித்ததும் நடுங்கியது, எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. எனக்கு அழைப்பு எடுத்தார். மூடியின் உட்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். E5, E10 இரண்டுதான் என்றார். E85 என்றால் அதில் பெரும்பகுதி எத்தனோல். அதற்கென்று செய்த கார்களுக்குத்தான் அது.

ஆகவே வடிவம் முதலில், உள்ளே இருக்கும் எழுத்தும் இலக்கமும் அடுத்து. காரில் எழுதியிருப்பதில் ஒன்று பம்பில் அப்படியே இருக்க வேண்டும். காரில் E5, E10 இரண்டும் இருந்தால் எதையும் போடலாம். E5 மட்டும் இருந்தால் E10 போடக் கூடாது. E10 மட்டும் எழுதியிருக்கிற காருக்கு E5 போடலாம், அதில் எத்தனோல் குறைவு என்பதால் பிழை இல்லை. சதுரத்துக்கும் இதே கதைதான். B7 என்று மட்டும் எழுதிய காருக்கு, வேறு வகை டீசலுக்கான XTL என்ற சதுரத்தை நான் போட மாட்டேன்.

ஆம்பூர் ஷாகுல்:
நல்ல பேச்சு நடக்கும் இடத்தில் ஒரு கேள்வி. என்னிடம் 2017 மாடல் கார் இருக்கிறது. இப்போது நம் பங்க்குகளில் E20தான் கிடைக்கிறது. என் கார் மூடியில் எந்த வட்டமும் இல்லை. மைலேஜ் குறைந்துவிட்டது. அப்படியென்றால் நானும் தவறான எரிபொருள்தான் போடுகிறேனா? டேங்கைக் காலி செய்ய வேண்டுமா?

ஒர்க்ஷாப் தங்கராசு:
ஷாகுல் பாய், எண்ணின் பொருள் ஒன்றுதான், எத்தனால் எத்தனை விழுக்காடு வரை என்பது. ஆனால் உங்கள் நிலைமை வேறு. அந்த அம்மாவுக்குப் பம்பில் நான்கு நாசில்கள் இருந்தன, தவறானதை எடுத்துவிட்டார்கள். உங்களுக்குப் பம்பில் தேர்வே இல்லை. டேங்கைக் காலி செய்தால் திரும்ப எதைப் போடுவீர்கள்? காரின் கையேட்டில் எரிபொருள் பக்கத்தை எடுத்து, எத்தனால் எவ்வளவு வரை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ரப்பர் குழாய்கள், சீல்கள் பற்றி உங்கள் மாடலுக்கு என்ன சொல்கிறார்கள் என்பதை அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்வது முறையில்லை.

நகோயா செந்தில்:
வைகைக்கரை அக்கா, எல்லா நாட்டிலும் இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஜப்பானில் இந்த வட்டம், சதுரம் எதுவும் இல்லை. இங்கே தானே நிரப்பும் பங்க்குகளில் நிறம் சீராக இருக்கிறது. சிவப்பு என்றால் ரெகுலர் பெட்ரோல், மஞ்சள் என்றால் உயர் ஆக்டேன் பெட்ரோல், பச்சை என்றால் டீசல். ஆனந்தன் அண்ணன் சொன்ன பச்சை விதியோடு ஒருவர் இங்கே வந்தால் பெட்ரோல் காருக்கு டீசலைத்தான் எடுப்பார்.

சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இங்கே சிறிய எஞ்சின் வைத்த, மஞ்சள் எண்பலகை கொண்ட கார்களைக் கேய் கார் என்பார்கள். வாடகைக்கு மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். கேய் என்றால் இலேசானது. டீசலின் பெயர் கேய்யு, அதாவது இலேசான எண்ணெய். எழுதினால் 軽油. கார் பெயரின் முதல் எழுத்தும் இந்த எண்ணெயின் முதல் எழுத்தும் ஒன்றே. கேய் காருக்குக் கேய் எண்ணெய்தானே என்று போட்டுவிடுகிறார்கள். ஜப்பானியர்களே இந்தத் தவறைச் செய்கிறார்கள். ஆனால் கேய் கார்கள் ஓடுவது பெட்ரோலில்.

என் பெற்றோர் வந்தபோது எடுத்த கேய் காரில், வாடகை அலுவலகப் பெண் மூடியின் உட்புறத்தைத் திறந்து காட்டினார். அங்கே レギュラー என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, ரெகுலர் என்பதைத்தான் அப்படி எழுதுவார்கள். நான் அதைப் படம் எடுத்துக்கொண்டு, பங்க்கில் அந்த எழுத்தும் சிவப்பு நிறமும் சேர்ந்து வரும் நாசிலைத் தேடினேன். ஒன்று மட்டும் ஒத்துப்போனால் எடுக்கக் கூடாது என்று அப்பாவிடமும் சொல்லியிருந்தேன்.

கலைச்செல்வி:
தங்கராசு ஐயா சொன்ன எதிர்த்திசை எனக்கு நடந்தது. ஸ்பெயினில் மலாகா விமான நிலையத்தில் நாங்கள் பதிவு செய்திருந்தது பெட்ரோல் கார். அது இல்லை, அதே அளவில் வேறு தருகிறோம் என்று ஒரு டீசல் காரைக் கொடுத்தார்கள். வாயால் யாரும் சொல்லவில்லை. சாவியில் தொங்கிய அட்டையில் மட்டும் Gasóleo என்று இருந்தது. அதை நாங்கள் காரின் பெயரோடு சேர்ந்த ஏதோ ஒன்று என்று நினைத்துவிட்டோம்.

ஸ்பானிய மொழியில் கசோலினா என்றால் பெட்ரோல் என்று முன்கூட்டியே படித்து வைத்திருந்தேன். சரியாகப் படித்துப் பச்சை நாசிலை எடுத்தேன், அது தடையில்லாமல் இறங்கியது. 22 லிட்டர் போட்டேன். பம்பை நான் சரியாகப் படித்தேன், காரைப் படிக்கவில்லை. மூன்று கிலோமீட்டர் போயிருப்போம், கார் இழுக்க முடியாமல் திக்கித் திக்கி நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தால் சதுரம், B7. எழுநூறு யூரோவுக்கு மேல் போனது, இரண்டு நாள் விடுமுறையும் போனது. மலைப்பாதையில் இரவில் குழந்தைகளோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் எனக்கு மனம் பதைக்கிறது.

ஒர்க்ஷாப் தங்கராசு:
நீங்கள் மூன்று கிலோமீட்டரோடு நின்றது நல்லது, அம்மா. டீசல் எஞ்சினில் உயர் அழுத்த பம்ப் ஒன்று இருக்கிறது. அதற்கு மசகு எண்ணெய் தனியாக இல்லை, ஓடுகிற டீசலே மசகு. பெட்ரோல் அந்த வழுவழுப்பைக் கழுவிவிடும். உலோகம் உலோகத்தோடு உரசித் துகள் உதிரும். அந்தத் துகள் இன்ஜெக்டர் வரை போய்விட்டால் பம்ப், குழாய்கள், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார்கள். நான் வேலை பார்த்த கேரேஜில் இப்படி வரும் வண்டிகளில் முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்போம். வெள்ளி மின்னுவது போல் துகள் இருந்தால், வாடிக்கையாளரிடம் பேசுவதற்கே மனம் வராது.

அதனால்தான் சாவியைத் திருப்ப வேண்டாம் என்பது. எஞ்சினை இயக்காமல் சாவியை ஒரு நிலைக்குத் திருப்பினாலே பல கார்களில் டேங்க்குக்குள் இருக்கும் சிறிய பம்ப் ஓடத் தொடங்கி எரிபொருளை முன்னால் தள்ளிவிடும். பங்க்கிலேயே தெரிந்துவிட்டால் நியூட்ரலில் போட்டுத் தள்ளி ஓரம் கட்டுங்கள்.

மூடியில் ஸ்டிக்கரே இல்லாத பழைய காரும் வாடகைக்கு வரும். அப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். எஞ்சினின் சுழற்சி வேகம் காட்டும் மீட்டரைப் பார்ப்பேன். சிவப்புப் பகுதி ஐந்தாயிரத்துக்குக் கீழே தொடங்கினால் அநேகமாக டீசல், ஆறாயிரத்துக்கு மேல் என்றால் பெட்ரோல். இது சந்தேகத்தைக் கிளப்ப மட்டும்தான் உதவும், முடிவு செய்ய உதவாது. சந்தேகம் வந்தால் ஒப்பந்தத் தாளில் எரிபொருள் வரியைப் பார்த்துவிட்டு அலுவலகத்தை அழைப்பேன்.

வட்டத்தில் ஒரு குறையும் உண்டு. அது எத்தனாலை மட்டும் சொல்கிறது, ஆக்டேனைச் சொல்லாது. 95, 98 என்ற எண்ணைப் பம்பில் தனியாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஆக்டேனை வேறு முறையில் கணக்கிடுகிறார்கள். அங்குள்ள 87 என்பது ஏறக்குறைய ஐரோப்பாவின் 91, 92க்குச் சமம். அங்கே போய் 95 எங்கே என்று தேடினால் கிடைக்காது. மூடியில் 87 என்று இருந்தால் 87 போடுங்கள்.

கரூர் ஆனந்தன்:
ஜப்பான் தகவல் எனக்குப் புதிது, செந்தில் தம்பி. நிறம் போதும் என்று சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் வைகைக்கரை சகோதரியின் விஷயத்தில் எனக்கு இன்னும் ஒரு கருத்து இருக்கிறது. தரையில் சிந்தியது போக உள்ளே போனது அரை லிட்டர்கூட இருக்காது. நாற்பது லிட்டர் பெட்ரோல் ஊற்றினால் அது எங்கே தெரியப் போகிறது? இரண்டாவதாகப் பேசியவர் சொன்னதுதான் சரி. 190 யூரோ வீண்.

ஒர்க்ஷாப் தங்கராசு:
என் சொந்தக் கார் என்றால் நானும் நிரப்பி ஓட்டியிருப்பேன். பெட்ரோலில் அந்த அளவு டீசல் கலந்தால் கொஞ்சம் புகை வரலாம், அதற்கு மேல் நான் எதிர்பார்க்க மாட்டேன். வாடகைக் காரில் அப்படிச் செய்ய மாட்டேன். நாளைக்கு வேறு காரணத்தால் எஞ்சின் விளக்கு எரிந்தாலும் பில் உங்கள் பெயரில்தான் வரும். இரண்டாவது ஆள் சொன்னதை மின்னஞ்சலில் எழுதித் தந்திருந்தால் ஓட்டியிருக்கலாம்.

கரூர் ஆனந்தன்:
தொலைபேசியில் பேசிய நேரமும் பெயரும் குறித்து வைத்தால் போதாதா? எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

வைகைக்கரை:
தம்பியும் ஆனந்தன் அண்ணன் பக்கம்தான். அந்தப் பணத்தை அவனே கொடுத்துவிட்டான், நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கலைச்செல்வி எழுதியதைப் படித்த பிறகுதான், நாசில் முட்டி நின்றது எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று புரிகிறது. இன்னொரு கேள்வி. அடுத்த மாதம் மொராக்கோ போகிறோம். மர்ராகேஷில் கார் எடுப்போம். அங்கே எப்படி?

பரிஸ் வதனி:
நாங்கள் இரண்டு தரம் போயிருக்கிறோம், தங்கச்சி. அங்கே பம்பில் பிரெஞ்சும் அரபும் இருக்கும். டீசலுக்கு Gasoil, கசுவால் என்று சொல்வார்கள். பெற்றோலுக்கு Sans Plomb, ஈயம் இல்லாதது என்று அர்த்தம். ஐரோப்பாவில் இருந்து வந்த கார் என்றால் மூடியில் வட்டமோ சதுரமோ இருக்கும். ஆனால் பம்பில் அதற்குச் சோடி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அங்கே பெரும்பாலும் ஊழியர்தான் அடிப்பார். வாடகைக் கார்களில் டீசல் நிறைய என்பதால், வெளிநாட்டவரைக் கண்டதும் கேட்காமலே டீசலை எடுக்கவும் கூடும். எங்களுக்கு ஒரு தரம் அப்படி எடுத்தார். நான் இறங்கிப் போய் மூடியின் கதவைத் திறந்து ஸ்டிக்கரில் விரலை வைத்து, ஸான் ப்ளோம் என்று சொன்னேன். அவர் உடனே மன்னிப்புக் கேட்டு நாசிலை மாற்றினார். காருக்குள் இருந்தபடி கண்ணாடியை இறக்கிச் சொல்ல வேண்டாம், இறங்கிப் போங்கள்.